துக்க வீட்டில் என்ன பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் விபத்தில் இறந்த அன்று காலையிலிருந்து இரவு வரை நான் வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு முன் எத்தனையோ துக்க வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. இங்கே எழுதுவதில் பாதிக்கு மேல் அந்த மூலையிலிருந்து பார்த்தது. இழந்தவரின் எதிரே நீங்கள் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன்.

எதிரில் போய் நின்றதும் வாயே வரமாட்டேன் என்கிறது. முதல் வார்த்தையாக என்ன சொல்வது?

ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "கேள்விப்பட்டதும் வந்துட்டேன்" என்பது போதும். நெருக்கம் இருந்தால், "அப்பா இப்படித் திடீர்னு போவார்னு நினைக்கவே இல்லை" என்று சொல்லலாம். எதுவும் தோன்றவில்லை என்றால் அதையே சொல்லுங்கள்: "என்ன சொல்றதுன்னே தெரியல." இது சமாளிப்புப் பேச்சு ஆகாது. பழைய புறப்பாடல்களில் இறந்தவரை நினைத்துப் பாடும் துறைக்கே கையறு நிலை என்றுதான் பெயர். செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பதை வாய்விட்டு ஒத்துக்கொள்வது நம் மொழிக்குப் புதிதில்லை.

அந்த வாக்கியம் சரியானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அதற்கு எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டுமா? "கேள்விப்பட்டதும் வந்துட்டேன்" என்றால் தலையை அசைத்தால் போதும், அசைக்காவிட்டாலும் பரவாயில்லை. "எப்படி இருக்கீங்க?" என்றால் அவர் பதில் தேட வேண்டும். நல்லா இருக்கேன் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தூங்காத, சாப்பிடாத ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாமே.

முடிந்தால் இறந்தவரைக் குறித்த ஒரு சொல் அந்த வாக்கியத்தில் இருக்கட்டும். அப்பா, அக்கா, மாமா, அல்லது நீங்கள் அவரைக் கூப்பிட்ட பெயர். "இழப்பு", "சம்பவம்" என்று பேசுகிறவர்கள் இறந்தவரைத் தொடாமல் சுற்றிப் போகிறார்கள். அண்ணன் போன அன்று அவன் பெயரைச் சொன்னவர்களிடம்தான் என்னால் கொஞ்சமாவது பேச முடிந்தது.

"ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதைத் தாளில் எழுதுங்கள், தவறில்லை. நேரில் சொன்னால் யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பது போலிருக்கும். அலுவலக முறையில் மட்டும் தெரிந்தவர் என்றால்கூட, "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்பதே போதுமான மரியாதை.

ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

துக்கம் கேட்கப் போகிறேன் என்று சொல்கிறோம். துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்றும் சொல்கிறோம். 'விசாரி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறவர்கள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுவிட்டு வருகிறார்கள். 'கேள்' என்பதற்குச் செவிகொடுப்பது என்றும் பொருள் உண்டு. துக்க வீட்டில் எனக்கு அந்தப் பொருள்தான் சரியாகப் படுகிறது. எதிரில் இருப்பவர் எதையாவது சொல்ல விரும்பினால் சொல்ல, சொல்ல விரும்பாவிட்டால் சும்மா இருக்க, இடம் விட்டு உட்கார்ந்திருப்பது.

அது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் ஆரம்பிக்கும் இடைவெளி மிகச் சின்னது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இடைவெளி இருந்தது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1989-இல், கெயில் ஜெஃபர்சன் என்ற உரையாடல் ஆய்வாளர், பேச்சுக்கு நடுவே ஒரு நொடி அளவு மௌனம் வந்தாலே பேசுகிறவர்கள் அதை நிரப்பப் பார்க்கிறார்கள் என்று எழுதினார். ஆயுள் முழுக்க இந்த வேகத்துக்குப் பழகிய நமக்கு, துக்க வீட்டில் ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது ஏதோ தப்பு செய்துவிட்டது போல உறுத்தும். அந்த உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளத்தான் பெரும்பாலான உளறல்கள் பிறக்கின்றன. உறுத்துவது உங்களுக்குத்தான். எதிரில் இருப்பவர் அந்த ஒரு நிமிடத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்.

ஆனால் எல்லா மௌனமும் ஒன்றில்லை. உள்ளே வந்து யாரையும் பார்க்காமல் சுவரோரம் போய் உட்கார்ந்து, சற்று நேரம் கழித்து எழுந்து போனால் வராததற்குச் சமம். முதலில் அவர் கண்ணில் படுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள், அல்லது கண்ணைப் பார்த்துத் தலையை அசையுங்கள். அப்புறம் அவர் இருக்கும் உயரத்துக்கே இறங்கி உட்காருங்கள். அவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில். நேர் எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கும் அவருக்கு. பக்கவாட்டில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் வேண்டும்போது பார்ப்பார், வேண்டாதபோது பார்க்கமாட்டார். போன் பையில், சத்தம் அணைத்து இருக்கட்டும். மடியில் கவிழ்த்து வைத்திருந்தாலும் அது எப்போது அதிரும் என்று உங்கள் மனதில் பாதி அங்கேயே இருக்கும்.

மௌனம் உதவாத இடங்களும் இருக்கின்றன. அவர் உங்களிடம் நேராக ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும். "நான் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருக்கணுமோ?" என்று ஒருவர் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்போது நீங்கள் பேசாமல் இருந்தால், ஆமாம் என்று சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். "உனக்கு அப்போ என்ன தெரியுமோ அதைத்தானே செஞ்சே" என்பது போல ஒன்றை அங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவ விவாதத்துக்குள் போகாதீர்கள். அந்தக் கேள்வி உங்கள் காதோடு நின்றுவிடவில்லை என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

எப்படி நடந்தது என்று கேட்கலாமா? கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பார்களே?

மிக நெருங்கியவரிடம் கேட்காதீர்கள். உள்ளே போவதற்கு முன் வெளியே நிற்கும் யாராவது ஒருவரிடம், தூரத்து உறவினரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் விபத்தை நான் அன்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை. மதியத்துக்குள் அது மனப்பாடம் ஆகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் 'ஐயோ' என்பார் என்றுகூடத் தெரிந்துவிட்டது. என் அண்ணனின் சாவை நானே வேறு யாரோ ஒருவரின் கதை போல ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவரே சொல்ல ஆரம்பித்தால் விஷயம் வேறு. அப்போது முழுசாகக் கேளுங்கள். வெளியே ஏற்கனவே கேட்டிருந்தாலும் "ஆமா, தெரியும்" என்று வெட்டாதீர்கள். நேரமும் தேதியும் முன்பின்னாக வந்தால் திருத்தாதீர்கள். பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடி ஆரம்பித்தாலும் முதல் தடவை போலவே கேளுங்கள். நடந்ததைத் தன் மனதுக்குள் நம்ப வைக்க அவர் முயல்கிறார்.

நடுவே வரவே கூடாதது 'இருக்கலாமே' என்று முடியும் வாக்கியம். முன்னாடியே டாக்டரிடம் காட்டியிருக்கலாமே, ராத்திரியில் வண்டி எடுக்காமல் இருந்திருக்கலாமே, வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே. சொல்கிறவருக்கு அது ஆதங்கம். கேட்கிறவருக்கு அது குற்றப்பத்திரிகை. அதே 'இருக்கலாமே'வை அவர் ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

அழாதே என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். அப்படியானால் அழுகிறவரிடம் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். அல்லது, "அழு, நான் இங்கேதான் இருக்கேன்." வயதில் பெரியவர் என்றால், "இங்கேதான் இருக்கேம்மா."

கையைப் பிடிப்பது நல்லதுதான், உங்களுக்குள் அந்தப் பழக்கம் ஏற்கனவே இருந்தால். முதுகில் தட்டிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் 'சீக்கிரம் முடி' என்று கேட்கும். அசையாமல் வைத்திருக்கும் கை அப்படிக் கேட்காது. கைக்குட்டையை முகத்துக்கு நேரே நீட்டாமல், எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

உங்களுக்கே அழுகை வந்தால் வரட்டும். ஒரே ஒரு எல்லைதான். அவர் உங்களைத் தேற்றும் நிலைக்கு வந்துவிட்டால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அண்ணனின் நண்பன் ஒருவன் அன்று அப்படி அழுதான். என் அம்மா அவனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல நினைத்து ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். எதைத் தவிர்ப்பது?

நீண்ட பட்டியல் வேண்டாம். தமிழில் ஒரு சின்ன விகுதி இருக்கிறது, 'ஆவது'. உங்கள் வாக்கியத்தில் அது வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். "இத்தனை வருஷமாவது இருந்தாரே." "உனக்கு இன்னொரு பிள்ளையாவது இருக்கு." "கடைசி நேரத்துல கூடவாவது இருந்தீங்களே." இதன் அண்ணன் தம்பிதான் 'நல்ல வேளை'யும். இந்த வாக்கியங்கள் எல்லாம் செய்வது ஒன்றுதான்: நடந்த இழப்பை எடுத்து, அதைவிடப் பெரிய ஒரு கற்பனை இழப்பின் பக்கத்தில் வைத்து, சின்னதாக்கிக் காட்டுவது. இழந்தவருக்கு அது சின்னதாகத் தெரியப்போவதில்லை. அதனால் 'இவருக்குப் புரியவில்லை' என்று முடிவு செய்துவிட்டு, தலையை ஆட்டி, அதோடு பேச்சை மூடிக்கொள்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் சரி. "கஷ்டப்படாமப் போயிட்டார், அது போதும்" என்று மகள் சொன்னால், "ஆமாம்மா" என்று சேர்ந்துகொள்ளுங்கள். அது அவர் தானாகக் கண்டுபிடித்த ஆறுதல். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அவருக்கு அழ உரிமை இல்லை என்று சொன்னதாகிவிடும். தொண்ணூறு வயதில் போனவரின் வீட்டில் இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது. நிறைந்த வயது, நல்ல சாவு என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அந்த அம்மாவோடு எழுபது வருடம் இருந்த மகளுக்கு, தொண்ணூறு வயது என்பது பழகிப்போன எழுபது வருடம்.

"தைரியமா இரு, நீதான் குழந்தைங்களைப் பாத்துக்கணும்" என்பதையும் விட்டுவிடலாம். அவருக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

படித்தவர்களிடம் இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது: துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, நீ இப்போது மறுப்பில் இருக்கிறாய், அப்புறம் கோபம் வரும் என்று சொல்வது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்தக் கட்டங்களை எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து. உயிரோடு இருக்கும் குடும்பத்தார் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. அப்படியே இருந்தாலும், இறந்த வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லித் தருவதால் யாருக்கு என்ன லாபம்?

எல்லாம் சரி, உண்மையில் எப்படி நடக்கும்? ஒரு தடவை நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்களேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் மனைவி, இரண்டு வருடம் நோயில் இருந்து இறந்தார். அவரை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை போனேன்.

வாசலில் அவருடைய மைத்துனர் நின்றிருந்தார். "சார் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "ராத்திரி தூங்கல. வர்றவங்க எல்லாம் வியாதியைப் பத்தியே கேக்கறாங்க" என்றார். அந்த ஒரு பதிலே எனக்குப் போதுமாக இருந்தது. உள்ளே அவருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை தள்ளி நின்றேன். பிறகு ஒரு நாற்காலியை அவருக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தேன். "கேள்விப்பட்டதும் வந்துட்டேன் சார்." தலையை அசைத்தார்.

அப்புறம் நாலைந்து நிமிடம் பேச்சே இல்லை. எனக்குள் அந்த அரிப்பு வந்தது, ஏதாவது சொல்லேன், சொல்லேன் என்று. அந்த நேரத்தில் வேறொருவர் வந்து குனிந்து, "இனிமே அவங்களுக்கு வலி இல்ல சார், அதை நெனச்சு மனசைத் தேத்திக்கோங்க" என்றார். இவர் "ஆமா" என்றார். முகம் அப்படியே மூடிக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வந்தவர் ஆறுதல் சொன்ன திருப்தியோடு போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன், நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

இன்னும் சற்று நேரம் போனது. திடீரென்று இவர், "நாலு மணிக்கு போன் வரும் எனக்கு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "நாலு மணிக்கு" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. அவளுக்கே முடியாம இருந்தப்போகூட. நேத்து நாலு மணிக்கு போனையே பாத்துட்டு இருந்தேன்." இதைச் சொல்லிவிட்டு அழுதார். நான் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

அழுகை அடங்கியதும் சொன்னேன்: "அந்த போன் வந்தா நீங்க எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயிடுவீங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் அது தெரியும் சார்." நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அவர் மனைவியைப் பற்றி அவருக்கே தெரியாத ஒரு சின்ன விஷயம் என்னிடம் இருந்திருக்கிறது. அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பும்போது தப்பு செய்தேன். "லீவு எத்தனை நாள் வேணும் சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. "வேணாம் சார், அதை நான் பாத்துக்கறேன்" என்று நிறுத்தினேன். மொத்தம் 25 நிமிடம் இருந்திருப்பேன். அதில் நான் பேசிய வாக்கியங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

இறந்தவரை எனக்குத் தெரியவே தெரியாது. நண்பனுக்காகத்தான் போகிறேன். நான் என்ன சொல்வது?

தெரிந்த மாதிரி நடிக்காதீர்கள். "அம்மாவை நான் பார்த்ததில்லை. நீ சொல்லித்தான் தெரியும்" என்றால் போதும். நண்பன் முன்பு சொன்னது ஏதாவது நினைவிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் விரும்பினால் அதிலிருந்து பேசுவான்.

தற்கொலை நடந்த வீடு. அங்கே வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

மற்ற வீடுகளில் சொல்லும் அதே வாக்கியம்தான். அதே மாதிரி உட்கார்வதுதான். அங்கே போக வேண்டிய பலர், என்ன சொல்வது என்று தெரியாமல் போகாமலே இருந்துவிடுகிறார்கள். போனவர்களும் இறந்தவரின் பெயரைத் தவிர்க்கிறார்கள். குடும்பத்தாருக்கு அது தண்டனை மாதிரி இருக்கும். பெயரைச் சொல்லுங்கள். நல்ல நினைவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மனிதர் தான் இறந்த விதம் மட்டுமே இல்லை.

ஏன், எதனால், ஏதாவது எழுதி வைத்தாரா என்று கேட்காதீர்கள். அவசரப்பட்டுவிட்டார் என்ற தீர்ப்பும் வேண்டாம். "நாங்க கவனிக்காம விட்டுட்டோம்" என்று அவர்கள் சொன்னால், ஒரே காரணத்தால் இது நடப்பதில்லை என்பதை மெதுவாகச் சொல்லலாம். அதற்கு மேல் விவாதிக்காதீர்கள். அந்த வீட்டில் யாராவது தானும் போய்விடுவேன் என்பது போலப் பேசினால், அதைத் துக்கத்தின் பேச்சு என்று ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யவும் தயங்க வேண்டாம்.

அந்த வீட்டுக் குழந்தையிடம் என்ன பேசுவது?

குழந்தை கேட்டால் மட்டும் பதில். "அப்பா தூங்கறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று நீங்களாகக் கதை கட்டாதீர்கள். சின்னக் குழந்தைகள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்கினால் எழுந்திருக்க வேண்டும், ஊருக்குப் போனால் திரும்ப வேண்டும். ராத்திரி தூங்கவே பயப்படும் குழந்தையும் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் குழந்தையிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அதற்கு ஒத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால், "அம்மாகிட்ட கேக்கலாம் வா" என்று கூட்டிப் போங்கள். 'இனிமே நீதான் இந்த வீட்டுக்குப் பெரிய மனுஷன்' என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போனபோது அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கியபடி, இழந்தவர்கள் துக்கத்துக்குள் போவதும் அதிலிருந்து விலகி அன்றாடத்துக்கு வருவதுமாக மாறி மாறித்தான் இருப்பார்கள். நீங்கள் போனது விலகியிருந்த நேரம். நீங்கள் நீட்டிய முகத்தோடு நுழைந்து அவர்களை மறுபடி அழ வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. போனால் என்ன சொல்வது?

"வரணும்னு தோணுச்சு, வந்தேன்." பழைய சண்டையை எடுக்கவும் வேண்டாம், மன்னிப்பு கேட்கவும் வேண்டாம். மன்னிப்பு கேட்டால் அவர் மன்னிப்பதா வேண்டாமா என்று அன்றே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சற்று நேரம் ஓரமாக இருந்துவிட்டு வந்துவிடுங்கள்.

தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. என்ன செய்வது?

"தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ." அவ்வளவுதான். அப்படிச் சொல்ல வரவில்லை, இப்படித்தான் சொல்ல வந்தேன் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லலாம்தானே?

சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். எது வேண்டும் என்று யோசிப்பதே அன்று அவரால் முடியாத வேலை. நீங்கள் செய்யக்கூடிய ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "நாளைக்குக் காலையில பிள்ளைங்களை நான் ஸ்கூல்ல விட்டுடறேன்." அதையும் இழந்தவரிடம் சொல்லாமல், வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் சொன்னால்தான் நடக்கும். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள்.

எவ்வளவு நேரம் இருப்பது? கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டு வருவது?

தூரத்துப் பழக்கம் என்றால் பதினைந்து, இருபது நிமிடம். நெருங்கியவர் என்றால் உங்களால் வேலை இருக்கும்வரை. புதிதாக ஆட்கள் வந்து இடம் போதாமல் போனால் அதுவே எழுந்துகொள்ளச் சரியான தருணம். அவர் பேசிக்கொண்டிருக்கும் நடுவே மட்டும் எழுந்திருக்காதீர்கள்.

வாயில் தானாக வரும் "போயிட்டு வரேன்" இங்கே பலருக்கு உறுத்தும். துக்க வீட்டுக்கு மறுபடி வருகிறேன் என்ற பொருள் அதில் இருக்கிறது. பழக்கத்தில் வந்துவிட்டால் பதறவும் வேண்டாம், அங்கே யாரும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கவில்லை. கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்துகொண்டால் போதும். மறுபடி வரத்தான் போகிறீர்கள் என்றால், "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்று நாளோடு சொல்லுங்கள், சொன்ன நாளில் போங்கள்.

அவர் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தால் எழுப்பி விடைபெற வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம், "எழுந்ததும் நான் வந்திருந்தேன்னு சொல்லிடுங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்துவிடுங்கள்.